முடிந்ததும் சொல்லும் சுற்று

கேரி பிட் பிட்டாக நகரும் 32 பிட் கூட்டியில், கடிகாரம் எப்போதும் கடைசி பிட் வரைக்குமான நேரத்தை ஒதுக்குகிறது. எண்கள் தற்செயலானவை என்றால் மிக நீண்ட கேரி ஓட்டம்கூடச் சராசரியாக ஐந்து பிட்டைத் தாண்டாது. ஃபான் நாய்மன் குழு 1946-லேயே கணக்கிட்ட விஷயம் இது. கடைசி பிட் வரை காத்திராமல் விடை வந்ததுமே நகர்ந்தால் நேரம் மிச்சமாகும். அப்படி நகரும் கடிகாரமற்ற சுற்றில் பிட்டுக்கு இரண்டு கம்பிகள். இரண்டும் தாழ்ந்திருந்தால் விடை வரவில்லை. ஒன்று உயர்ந்தால் 0, மற்றது உயர்ந்தால் 1. எல்லா ஜோடியிலும் விடை வந்ததும் ‘முடிந்தது’ என்ற சைகை போகும். அடுத்த கட்டம் ‘பெற்றேன்’ என்றதும் கம்பிகள் தாழும். ஆனால் கம்பிகள் இரட்டிப்பு. 32 ஜோடிகளைச் சரிபார்ப்பதும் கம்பிகள் தாழ்வதும் மிச்சமான நேரத்தையே தின்றுவிடலாம். வேலைநேரம் எண்ணுக்கு எண் பெரிதும் மாறும் இடத்தில்தான் இந்தக் கைகுலுக்கல் கட்டுப்படியாகும். மற்ற இடங்களில் கடிகாரமே சிக்கனம்.