சராசரி நிறம் என்னும் பொறி

பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தின் முன் ஒரு மாலையில் ஒரு குடும்பம் ஒளிப்படம் எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். வளைகுடா நாட்டிலிருந்து வர இயலாத மகனின் உருவத்தைப் பின்னர் அதில் இணைக்க வேண்டும். கதிரவன் கோபுரத்துக்குப் பின்னே மேற்கில் இருப்பதால், முன்னே நிற்பவர்கள்மேல் விழுவது பெரும்பாலும் வானின் நீல ஒளியே. மகனின் படமோ அறைக்குள் மென்மையான வெண்ணொளியில் எடுக்கப்பட்டது.

இதற்கு லேப் நிறவெளி ஏற்றது. அதில் L வெளிச்சத்தையும், a பச்சை முதல் மெஜந்தா வரையும், b நீலம் முதல் மஞ்சள் வரையும் தனித்தனியே அளக்கின்றன. ஆனால் மாணவர்கள் வழக்கமாகக் கையாளும் முறை, ஒவ்வோர் அலைவரிசையிலும் இரு படங்களின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் சமமாக்குவது. ரெயின்ஹார்டும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட நிறமாற்றக் கட்டுரையின் வழி அது. முழுப் படத்தின் மனநிலையை மாற்ற அம்முறை அழகாக உதவும். ஓர் ஆளை இணைப்பதற்கு அது பிழையானது. கல்லும் வானும் மரமும் சேர்ந்து தரும் சராசரி, ஒளியின் நிறம் அன்று. அதை மகன்மேல் ஏற்றினால் அவனது தோலின் நிறமே மாறிவிடும்.

ஒப்பிட வேண்டியது இரு படங்களுக்கும் பொதுவான ஒரு பரப்பை. இங்கு அது கைவசமே இருக்கிறது: தந்தையும் மகனும் உடுத்திய முண்டு. (கசவு முண்டின் இளமஞ்சளையும் வெளுத்த துணியையும் ‘வெள்ளை’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒப்பீட்டுக்குக் கசவோடு கசவுதான்.)

மகனின் துணியில் L 88, b 4. தந்தையின் துணியில் L 62, b -9 என்று அளவு வந்ததாக வைப்போம். வேறுபாடு L-இல் 26, b-இல் 13. இவற்றை அப்படியே எங்கும் கழித்தால் L 20 உடைய மகனின் முடி பூச்சியத்துக்குக் கீழே போய்க் கருந்திட்டாகும். நிழல்களில் நீலம் படியும். ஒளி பொருளின் நிறத்தைப் பெருக்குகிறது, கழிப்பதில்லை. லேப் கனமூலத்தின்மேல் கட்டப்பட்டதால், பெருக்க வேண்டிய அளவு L அன்று, L+16. துணியில் 104 ஆக இருந்தது 78 ஆகிறது, விகிதம் 0.75. முடியின் 36 அதே விகிதத்தில் 27 ஆகி, L 11-இல் நிற்கும். b-இன் நகர்வும் அதே போக்கில் முடிக்கு ஏறக்குறைய 4.5 மட்டுமே.

போட்டோஷாப்பில் Curves சாளரத்தில் L கோட்டின் மேல்முனையை 100-இலிருந்து 71-க்கு இறக்கி, கீழ்முனையைக் கிடைமட்டமாக ஏறக்குறைய 5-க்கு நகர்த்தினால் இது கிட்டும். b மாற்றத்துக்கு L அலைவரிசையையே முகமூடியாக இடலாம். துணியிலும் அது முழுமையாக வேலை செய்யாது என்பதால் நகர்வைச் சற்றுக் கூட்டி வைக்க வேண்டும். a-க்கும் அதே வழி.

சோதிப்பது எளிது. b அலைவரிசையை மட்டும் சாம்பல் படமாகத் திறந்தால், இரு துணிகளும் ஒரே சாம்பலாகத் தெரிய வேண்டும். துணி பொருந்தியும் முகம் அந்நியமாகத் தோன்றினால் குற்றம் நிறத்தில் இல்லை. மகனின் படம் நேர் வெயிலில் எடுக்கப்பட்டிருந்தால் மூக்கருகே விழுந்த கூர்நிழலை எந்த b மதிப்பும் அழிக்காது. வேறு படம் கேட்பதே நேர்மை.