தட்டைப்பாதமும் நின்று பணிபுரிவோரின் தசைகளும்

ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்வோர், உள்ளங்கால் வளைவில் வலி என்றும் கெண்டைக்கால் கடுக்கிறது என்றும் நம்மிடம் வரும்போது, ஈரப்பாதத்தைத் தாளின்மேல் பதியவைத்து, அச்சு முழுமையாக விழுந்திருப்பதைக் கண்டவுடன் ‘தட்டைப்பாதம்’ என்று சீட்டில் குறித்து, எம்.சி.ஆர். செருப்பு ஒன்றைப் பரிந்துரைத்து அனுப்பிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதே இந்த இதழில் நாம் முன்வைக்கும் விண்ணப்பம். தட்டையான பாதத்தோடு பிறந்து, அப்பாதத்தாலேயே வயலிலும் வீதியிலும் ஆயுள் முழுவதும் உழைத்து, ஒரு நாளும் வலி என்று சொல்லாத மனிதர்கள் எத்தனையோ பேர் இருக்க, கடையில் நிற்கும் ஒருவருக்கு மட்டும் ஏன் வலிக்கிறது என்ற கேள்விக்குப் பாத அச்சு விடை சொல்லாது. தசையைப் பரிசோதித்தால்தான் விடை கிடைக்கும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது கனடா நாட்டுப் படைவீரர்களின் பாதங்களைப் பரிசோதித்த ஹாரிஸ், பீத் என்னும் இரு மருத்துவர்கள், தட்டைப்பாதங்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை 1948ஆம் ஆண்டிலேயே தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். நெகிழ்வுள்ள தட்டைப்பாதம் தனித்திருக்குமானால் அது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை என்றும், குதிநாண் குறுகிய நிலையும் அதனுடன் சேரும்போதுதான் வலியும் இயலாமையும் தோன்றுகின்றன என்றும் அவர்கள் கண்டார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் குதிநாணின் நீளத்தை அளக்காமலே தட்டைப்பாதத்துக்குச் சிகிச்சை எழுதும் பழக்கம் நீடிப்பது வருந்தத்தக்கது.

நிற்கும்போது பாத வளைவைத் தாங்குவது எது என்பதில் நம் மாணவர்களுக்கு இன்றும் ஒரு மயக்கம் உண்டு. பாஸ்மாஜியனும் ஸ்டெக்கோவும் 1963இல் தசைகளுள் மின்முனைகளைச் செலுத்திப் பரிசோதித்தபோது, சாதாரணமான பாதத்தில் ஏறத்தாழ 90 கிலோ வரை பாரம் ஏற்றியும் வளைவைத் தாங்கும் தசைகள் என்று கருதப்பட்டவை அசைவற்றிருந்தன. அதைப்போல் இருமடங்கு பாரத்தை ஏற்றியபோதுதான் அவற்றுட் சில இயங்கத் தொடங்கின. சும்மா நிற்கும் நேரத்தில் வளைவைக் காப்பவை எலும்புகளின் அமைப்பும், பிணைநார்களும், உள்ளங்காலின் நார்ப்பட்டையுமே என்பதும், தசைகள் நடையிலும் பாரம் மிகும்போதும் துணைக்கு வரும் சேமப்படை என்பதும் இதனால் பெறப்படும். ஆனால் கிரேயும் பாஸ்மாஜியனும் 1968இல் தட்டைப்பாதம் உடையவர்களின் நடையை ஆராய்ந்தபோது, அவர்களிடத்தில் இத்தசைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக உழைப்பதைக் கண்டார்கள். பிணைநார் செய்யவேண்டிய வேலையில் ஒரு பங்கு தசையின் தலையில் விழுகிறது என்பதே இதன் பொருள்.

கடைப் பணியாளர் நாள் முழுவதும் சிலைபோல் நிற்பதில்லை. இரண்டடி வலப்புறம், மூன்றடி இடப்புறம், மேல்தட்டிலிருந்து ஒரு கட்டை எடுக்க முன்பாதத்தில் எழுந்து மீண்டும் இறங்குதல் என்றே அவருடைய பொழுது போகிறது. அவ்வளவு சிறிய அசைவுகள் கெண்டைக்கால் தசைகளின் இரத்த ஓட்டத்துக்கு உதவப் போதுமானவை அல்ல. ஆனால் தசையைச் சோர்வடையச் செய்யப் போதுமானவை. பிணைநார்களோ நீடித்த பாரத்தின்கீழ் மெல்ல மெல்ல நீளும் இயல்புடையவை. பலர் அமர்ந்து எழுந்த கயிற்றுக் கட்டில் மாலைக்குள் குழிவிழுவதுபோல, மணிகள் செல்லச் செல்ல வளைவு தாழ்கிறது. குதிகால் எலும்பு வெளிப்புறம் சாய, அதன்மேல் அமர்ந்த டேலஸ் எலும்பின் தலை உட்புறமாகக் கீழிறங்க, முன்பாதம் வெளிநோக்கித் திரும்ப, இந்தச் சரிவு முழுவதையும் எதிர்த்து இழுக்கவேண்டிய பொறுப்பு டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைக்கு வந்துசேர்கிறது. காலின் பின்புற ஆழத்தில் தோன்றி, உட்கணுக்காலின் பின்னே வளைந்து, நேவிகுலர் எலும்பில் முதன்மையாகப் பற்றும் அத்தசையின் நாண், நீளத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவே நகரக்கூடியது; ஆகவே நாண் சிறிதளவு நீண்டாலும் அதன் பலன் பெரிதும் குறைந்துவிடும். இந்தத் தசையும், உள்ளங்காலின் சிறுதசைகளும் களைத்தால் நேவிகுலர் இன்னும் தாழும். தாழ்ந்தால் தசைக்குச் சுமை இன்னும் கூடும். மாலை வேளையில் வளைவின் உட்புறமும் கெண்டைக்காலின் ஆழமும் ஒருசேர நோவது இந்தச் சுழலினால்தான். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் குத்தும் நார்ப்பட்டை வலியிலிருந்து இதைப் பிரித்தறிவதற்கு, வலி எந்த நேரத்தில் வருகிறது என்ற ஒரு கேள்வியே பெரும்பாலும் போதும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். புடைவைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும், நாற்பதை நெருங்கும் பெண்மணி. இரு பாதங்களும் தட்டை. வலி வலப்பக்கத்தில் அதிகம். எக்ஸ்ரேயில் குறையில்லை என்றும், கால்சியம் மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். முன்பு எழுதித்தரப்பட்ட எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். கடைக்குள் செருப்புக்கு அனுமதி இல்லை. பதினொரு மணி நேரமும் கிரானைட் தரையில் வெறுங்காலோடுதான் நிற்கிறார். செருப்புக்குள் வைக்கும் வளைவுத் தாங்கிகளைப் பற்றி நாம் படிக்கும் நூல்கள் எல்லாம் நோயாளி காலணி அணிந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே எழுதப்பட்டவை. வேலை நேரத்தில் காலில் என்ன இருக்கிறது என்று கேளாமல் நாம் எழுதும் பரிந்துரை, வலி இல்லாத நேரத்துக்கு மருந்து கொடுப்பதாகவே முடியும்.

நேவிகுலர் எலும்பின் மேட்டில் மையால் புள்ளியிட்டு, அமர்ந்த நிலையில் பாதத்தை நடுநிலையில் நிறுத்தி, தரையிலிருந்து அதன் உயரத்தை ஓர் அட்டையில் குறித்து, பின் இயல்பாக நிற்கவைத்து மீண்டும் குறித்தபோது, வேலைக்குப் போகும் முன் வலப்பாதத்தில் 9 மில்லிமீட்டர் தாழ்வு இருந்தது. அன்றிரவு கடை முடிந்து வந்தபோது அதுவே 14 ஆயிற்று. பத்துக்கு மேற்பட்டால் மிகுதி என்பது பொதுவான வழக்கு. அளப்பவர் கையினாலேயே ஓரிரு மில்லிமீட்டர் மாறுபடும் என்பதால் தனி எண்ணை நம்பாமல் காலைக்கும் மாலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே நலம். காலையில் மட்டும் பரிசோதித்திருந்தால் இப்பாதம் சாதாரணம் என்றே எழுதப்பட்டிருக்கும்.

அடுத்து, சுவரை விரல்நுனியால் தொட்டுக்கொண்டு, முழங்கால் மடங்காமல் ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தச் சொன்னோம். இடக்காலில் 17 முறை உயர்த்தினார். ஒவ்வொரு முறையும் குதிகால் உட்புறமாகத் திரும்பியது. வலக்காலிலோ 6 முறைதான் முடிந்தது; மூன்றாவது முறைக்குப்பின் குதிகால் உயர்ந்ததே தவிர உட்புறம் திரும்பவில்லை. எண்ணிக்கையைவிட இந்தத் திரும்பாமையே முக்கியமான அடையாளம். கெண்டைக்கால் தசை குதிகாலைத் தூக்குகிறது, டிபியாலிஸ் போஸ்டீரியர் அதை உள்நோக்கித் திருப்பிப் பாதத்தின் நடுமூட்டைப் பூட்டத் தவறுகிறது என்பதை அது காட்டும். உட்கணுக்காலின் பின்புறம் அழுத்தியபோது சிறிது வலி இருந்தது, வீக்கமில்லை. வீக்கம் இருந்தாலோ, ஒரு முறைகூட உயர்த்த முடியாமற் போனாலோ, முன்பாதத்தில் எழும்போதும் வளைவு தோன்றாமல் பாதம் விறைத்திருந்தாலோ, அந்நோயாளியை எலும்பு மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்பவேண்டும். நீரிழிவு உள்ளவரின் பாதம் ஒரு பக்கம் மட்டும் சூடாக வீங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றே அனுப்பவேண்டும்.

கடைசியாகக் குதிநாண். கணுக்காலை மேல்நோக்கி மடக்கும்போது குதிகாலைச் சற்றே உட்புறம் திருப்பிப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பாதத்தின் நடுப்பகுதி வளைந்துகொடுத்து, நாண் போதிய நீளமுடையது போன்ற தோற்றத்தை உண்டாக்கும். அவ்வாறு பிடித்து அளந்தபோது, முழங்கால் நீட்டியிருக்கையில் பாதம் செங்குத்து நிலையைத் தாண்டவே இல்லை; முழங்காலை மடக்கியவுடன் 12 பாகை சென்றது. குறுகியிருப்பது சோலியஸ் அன்று, கேஸ்ட்ராக்னீமியஸ் என்பது இதனால் தெளிவாயிற்று.

சிகிச்சையில் முதல் காரியம் வேலை நேரத்துக்கான தாங்கல். வெறுங்காலில் நிற்பவருக்குச் செருப்பில்லாத தாங்கி வேண்டும். ஆகவே வளைவின் கீழ் ஃபெல்ட் துண்டு ஒன்றை வைத்து, லோ-டை முறையில் பட்டை ஒட்டி அனுப்பினோம். பட்டையின் இறுக்கம் சில மணி நேரத்திலேயே தளரத் தொடங்கும் என்பதால், மதிய உணவுக்குப் பின் அவரே மாற்றி ஒட்டக் கற்றுக்கொடுத்தோம். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியில், பாதத்தைச் சற்றே உள்நோக்கித் திருப்பி, வளைவின் கீழ் மடித்த துண்டை வைத்துக்கொள்ளச் சொன்னோம். இல்லாவிடில் நீட்சி முழுவதும் நாணுக்குப் போகாமல் ஏற்கெனவே தளர்ந்த நடுப்பாதத்துக்கே போய்ச்சேரும். தசைக்கு, இரு குதிகால்களுக்கும் நடுவே ஒரு சிறு பந்தை அழுத்திப் பிடித்தபடி இரு கால்களாலும் உயர்ந்து, மெதுவாக இறங்குவது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வலி மறுநாள் காலைவரை நீடிக்காத அளவில். பணியாளருக்கு இதை இரவில் செய்யச் சொல்வது தவறு. களைத்த தசையை மீண்டும் களைக்கச் செய்வதாகும். வேலைக்குப் புறப்படும் முன்னும் அல்லாமல், வார விடுமுறை நாளையும் சேர்த்துப் பிற்பகல் இடைவேளைகளில் வைத்தோம்.

மற்றொன்று, அமர்வது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு, பணியின் இடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பணியாளர் அமர்வதற்கேற்ற இருக்கை வசதி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்கவேண்டும் என்கிறது. கேரளம் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இதைச் செய்தது. எனினும் ‘ஓய்வு தேவை’ என்று நாம் எழுதித்தரும் சான்றிதழ் மேற்பார்வையாளரிடம் எந்தப் பயனும் தருவதில்லை. ஓய்வென்றால் விடுப்பு என்றும், விடுப்பென்றால் சம்பளப் பிடித்தம் என்றும் இரு தரப்பினரும் புரிந்துகொள்கிறார்கள். ‘ஒவ்வொரு மணி நேரத்திலும் ஐந்து நிமிடம் அமர்ந்து பணிபுரியவேண்டும், நிற்குமிடத்தில் ரப்பர் விரிப்பு இருக்கவேண்டும்’ என்று எழுதி, சட்டப்பிரிவையும் குறிப்பிட்டபோது, புடைவை மடிக்கும் வேலையை முக்காலியில் அமர்ந்து செய்ய அவருக்கு இடம் கொடுத்தார்கள். இங்கே நாம் எழுதும் சொற்களும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பன்னிரண்டு வாரங்களில் வலக்கால் 16 முறை உயர்ந்தது. குதிகால் உட்புறம் திரும்பியது. மாலைத் தாழ்வு 11 மில்லிமீட்டருக்கு வந்தது. பாத அச்சு மட்டும் முன்போலவே முழுதாய் விழுந்தது. அது மாறும் என்று நாம் அவருக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் முக்காலி எடுக்கப்பட்டு, கடை நேரமும் நீண்டபோது, எண்ணிக்கை 10ஆகச் சரிந்து வலி சிறிது திரும்பியது. அதற்குள் தாமே எண்ணிப்பார்க்க அவர் கற்றிருந்ததால், வலி முற்றுமுன் வந்தார். பட்டையை அந்த வாரங்களுக்கு மீண்டும் ஒட்டி, பயிற்சியைப் பாதியாகக் குறைத்தோம். கார்த்திகை மாதத்தில் எண்ணிக்கை 15ஐ எட்டியது.