ஐப்பசி மழைக்கு முன் ஒரு விண்ணப்பம்

திருவள்ளூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,



திருத்தணி மலையடிவாரத்துத் தெரு ஒன்றில், ஊறுகாய்ப் பொடியும் பருப்புப் பொடியும் அப்பளமும் வீட்டிலேயே செய்து விற்றுவரும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் அழைப்பின்பேரில், மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், அத்தொழிலில் கடைப்பிடிக்க வேண்டிய சுகாதார முறைகளைப் பற்றி அண்மையில் பேச நேர்ந்தது. அங்கே நான் சொன்னவற்றின் சாரத்தையும், முடிவில் ஒரு மூதாட்டி கேட்ட கேள்வியையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன். அக்கேள்விக்கு விடையளிக்கும் சக்தி தங்கள் அலுவலகத்துக்கு உண்டு என்பது என் நம்பிக்கை.

கை கழுவுங்கள், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், வயிற்றுப்போக்கு உள்ள நாளில் மாவைத் தொடாதீர்கள் என்பன போன்ற உபதேசங்களை அந்தப் பெண்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அவற்றை அனுசரித்தும் வருகிறார்கள். ஆகவே அவற்றை விரைவிலேயே முடித்துக்கொண்டு, பொடிக்கும் அப்பளத்துக்கும் விசேஷமாக உரிய ஒரே விஷயத்தைப் பற்றியே நான் விரிவாகப் பேசினேன். சோறு குழம்பு ஆக்கும் சமையலறையில் தண்ணீர் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறதோ அவ்வளவுக்குச் சுத்தம் கூடும்; உலர் பண்டம் செய்யும் இடத்திலோ, கழுவிய கையின் ஈரமும், அலசிய மிக்ஸி ஜாடியின் அடியில் தங்கிய நான்கு துளி நீரும், மேடையைத் துடைத்த ஈரத்துணியுமே கெடுதலுக்கு வித்தாகின்றன. கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியந்தான். ஆனால் உலர்ந்த துணியில் துடைத்து, விரலிடுக்கும் வளையலடியும் காயும்வரை பொறுத்த பிறகே சல்லடையைத் தொட வேண்டும். ஜாடியும் கரண்டியும் தட்டும் முந்தின நாளே கழுவப்பட்டு வெயிலில் காய்ந்திருக்க வேண்டும்.

பொடி உலர்ந்ததாயிற்றே, அதில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று ஒரு பெண் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. 1993ஆம் ஆண்டில் ஜெர்மனியில், மிளகாய் இனத்தைச் சேர்ந்த பாப்ரிகாப் பொடியைத் தூவி விற்ற உருளைக்கிழங்கு வறுவலால் ஏறத்தாழ ஆயிரம் பேர், பெரும்பாலும் சிறுவர் சிறுமியர், சால்மொனெல்லா என்னும் கிருமியால் பீடிக்கப்பட்டனர். அந்தக் கிருமி உலர்ந்த பொடியிலே பெருகுவதில்லை. எனினும் சாகாமல் மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. வறுவல் கொதிக்கும் எண்ணெயிலிருந்து வெளிவந்த பிறகு பொடி தூவப்பட்டமையால், அதைக் கொல்லும் சூடு அதன்பின் எங்குமே கிடைக்கவில்லை. இதைச் சொன்னதும், ரசப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் உள்ள பேதம் அவர்களுக்குத் தானாகவே விளங்கிற்று: முன்னது வாங்குகிறவர் வீட்டு அடுப்பில் கொதிக்கிறது, பின்னது சுடுசோற்றின்மேல் எண்ணெயோடு பிசையப்பட்டு நேரே வாய்க்குப் போகிறது. மாங்காய்த் துண்டங்களோடு கலக்கும் ஊறுகாய்ப் பொடியும் அவ்வாறே. அதிலும், வெந்தயத்தை வறுக்கிறோம், கடுகை இளஞ்சூட்டில் புரட்டுகிறோம். மிளகாயையோ வெயிலில் காய வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆதலால் எந்தத் தரையில் எந்தக் கால்கள் மிதித்துக் காய்ந்த மிளகாய் என்பதைப் பார்த்து வாங்குவது, பொடி செய்பவளின் முதல் கடமையாகிறது.

ஈரம் இன்னொரு வழியாகவும் தண்டிக்கிறது. சந்தையில் வாங்கும் வற்றல் மிளகாய் நொறுங்காமல் இருக்கவும் எடை கூடவும் சிலர் அதன்மேல் நீர் தெளிப்பதுண்டு. அத்தகைய மிளகாயைக் கோணியில் கட்டி மூலையில் சாத்தி வைத்தால், காம்படியிலும் விதையைச் சுற்றிலும் பூஞ்சணம் படரும். அந்தப் பூஞ்சண இனங்களில் சில அஃப்ளடாக்சின் என்னும் விஷப்பொருளை உண்டாக்குகின்றன. அது நாளடைவில் ஈரலைத் தாக்குவது. பூஞ்சணத்தைத் துடைத்துவிடலாம், வெயிலில் போட்டுக் கொல்லவும் செய்யலாம். அது விட்டுச்சென்ற விஷம் வெயிலுக்கும் வாணலிச் சூட்டுக்கும் பெரும்பாலும் அசையாது. ஆகையால் மக்கல் வாடை அடிக்கும் மிளகாயை, விலை கொடுத்து வாங்கிவிட்டோமே என்ற இரக்கத்தால் மறுபடி காய வைத்து அரைப்பதென்பது கூடவே கூடாது.

மிளகாய்ப் பொடியில் ஈரம் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேற்படலாகாது என்பது சட்டம் வகுத்த எல்லை. இதனை அவர்கள் தராசிலேயே விளக்கிக் காட்டினேன். வாங்கிய 1 கிலோ மிளகாயில் 15 சதவீதம் ஈரம் இருப்பதாகக் கொண்டால், அதில் உலர்ந்த சத்து 850 கிராம். அரைக்கும்போதும் அடைக்கும்போதும் காற்றிலிருந்து ஏறக்கூடிய ஈரத்துக்கும் சற்று இடம் விட்டு, பத்துச் சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், அந்த ஒரு கிலோ காய்ந்து 944 கிராமாக நிற்க வேண்டும். அதாவது 56 கிராம் எடை குறைய வேண்டும். கணக்கு எளிதுதான். ஆனால் தொடக்கத்தில் இருந்தது பதினைந்தா, பதினெட்டா என்பதை அறியும் கருவி அவர்களிடம் இல்லை. மறுநாளும் எடை குறையாவிட்டால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாமே என்றார் ஒருவர். சித்திரை வெயிலில் அந்த யுக்தி பலிக்கும். மழைக்காலத்திலோ, காற்றே ஈரமாயிருப்பதால், மிளகாய் அந்தக் காற்றோடு சமநிலை கொண்டு, பத்திரமான எல்லைக்கு மேலேயே எடை குறையாமல் நின்றுவிடும். அரைப்பவளும் அதை நம்பி ஏமாறுவாள்.

மில்லிலிருந்து வரும் பொடி சூடாக இருக்கும். தமக்கு முன் அரைத்தவருடைய தானியத்தின் மிச்சம் கலந்திருக்கக் கூடுமாதலால் முதலில் விழும் பிடிப் பொடியை ஒதுக்கிவிட்டு, மற்றதை அகன்ற எவர்சில்வர் தட்டுகளில் பரப்பி, கை வைத்தால் சிறிதும் வெதுவெதுப்புத் தெரியாத நிலை வரும்வரை ஆறவிட வேண்டும். சூட்டோடு அடைத்தால் பாக்கெட்டின் உட்புறம் ஆவி வேர்த்து, அங்கங்கே கட்டி கட்டி, அக்கட்டிகளிலிருந்தே பூஞ்சணம் தொடங்கும். சிறிது பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால், மிகுந்த ஈரம் இருக்குமாயின் உட்சுவரில் பனிபோல் படியும். படியாமையை மட்டும் கொண்டு பொடி உலர்ந்தது என்று சாதிக்க முடியாது.

அப்பளத்தின் சங்கடம் வேறு. அதை முற்றக் காய வைத்தால் விளிம்பு வெடித்து அடுக்கும்போதே உடைந்துபோகும்; ஆகவே வளையும் பதத்தில், பொடியைவிடச் சற்று அதிக ஈரத்தோடேயே அதை எடுக்க வேண்டியிருக்கிறது. உப்பும் அப்பளக்காரமும் ஓரளவு காக்கின்றன. (இங்கே ஓர் எச்சரிக்கை: அப்பளக்காரத்துக்குப் பதிலாக நாட்டுமருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சேர்க்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும், உணவில் அதற்கு அனுமதி இல்லை.) மொட்டைமாடித் தரையில் பழம்புடைவை விரித்து உலர்த்தும் சம்பிரதாயத்தில், காக்கையும் குரங்கும் புழுதியும் ஒருபுறமிருக்க, தரையின் ஈரம் துணி வழியே ஏறுவதும் உண்டு. இடுப்பளவு உயரத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, துவைத்துக் காய்ந்த துணி விரித்து, மேலே கொசுவலை கட்டினால் இவ்வளவும் தீரும்.

அப்போதுதான் அந்த மூதாட்டி, தெலுங்கு வாடை கலந்த தமிழில், கேட்டார்: “எல்லாம் சரி, டீச்சரம்மா. ஐப்பசி கார்த்திகையில வெயிலுக்கு நாங்க எங்கம்மா போறது?”

கேள்வியின் நியாயத்தைத் தாங்கள் உணர்வீர்கள். டிசம்பர் 31ஆம் நாள் இரவு நடைபெறும் படித்திருவிழாவில், 365 படிகளிலும் பூஜை செய்து மலையேற வரும் அடியார் கூட்டமே இவர்களுடைய சிறந்த வியாபாரம். அந்தச் சரக்கு உருவாக வேண்டிய காலமோ வடகிழக்குப் பருவமழை பொழியும் மாதங்கள். பொழுது விடிந்தால் தூறல், மாலையானால் மேகம். காயாத மிளகாயும் காயாத அப்பளமும் பாக்கெட்டுக்குள் போவதற்கு அவர்களுடைய அசிரத்தை காரணமல்ல.

இந்த இடர்ப்பாடு புதிதுமன்று. 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் பம்பாயின் கிர்காம் பகுதியில், எண்பது ரூபாய் கடனைக் கொண்டு ஏழு பெண்கள் ஒரு மாடியில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழில், முதல் வருஷத்து மழைக்காலத்தில் நான்கு மாதங்கள் நின்றேபோயிற்று. மறு வருஷம் அவர்கள் ஒரு கட்டிலையும் ஓர் அடுப்பையும் வாங்கி, கட்டிலின்மேல் அப்பளத்தையும் அதன்கீழ் அடுப்பையும் வைத்து மழையிலும் உலர்த்தினார்கள். அதிலே பௌதிக சாஸ்திரம் ஒன்று அடங்கியிருக்கிறது: 25 டிகிரி வெப்பத்தில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய முப்பது சதவீதமாகத் தாழ்ந்து, பண்டத்திலுள்ள நீரை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. அடுப்புப் புகை அப்பளத்தில் ஏறுவதும், ஓட்டு வீட்டில் கட்டிலடியில் தீ வைப்பதன் அபாயமும் அந்த முறையின் குறைகள். ஆகவே அதை வீட்டுக்கு வீடு செய்யச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

நான் வேண்டுவது இவ்வளவே. திருத்தணியில் அரசுக்குச் சொந்தமான கட்டடம் ஒன்றில், ஒழுகாத கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள ஓர் அறையை இக்குழுக்களின் பொதுவான உலர்த்தும் அறையாக ஒதுக்கி, மின்சாரத்தால் காற்றைச் சூடாக்கி விசிறியால் செலுத்தும் தட்டடுக்கு உலர்த்தி ஒன்றை அங்கே நிறுவ வேண்டும். சூரிய வெப்பக் கூடாரத்தைச் சிலர் சிபாரிசு செய்யக்கூடும். புழுதியையும் பறவையையும் தடுக்க அது உத்தமமானதே, ஆனால் வெயிலே இல்லாத வாரத்தில் அது வெறும் கூடாரமாகத்தான் நிற்கும். உலர்த்தியின் பக்கத்தில் ஈரமானி ஒன்று இருக்கட்டும். அரைப்பதற்கு முன் மிளகாயையும் அடைப்பதற்கு முன் பொடியையும் எவரும் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளலாம். அறையின் சாவி குழுப் பெண்களிடமே இருப்பது நல்லது. மழை மாதங்களில் உலர்த்தும் வேலை அலுவலக நேரத்துக்குள் அடங்குவதில்லை.

மேலும், படித்திருவிழாச் சரக்கு கடைக்குப் போவதற்கு முன், மிளகாய்ப் பொடியின் மாதிரிகளில் இரண்டொன்றையேனும் சென்னை கிண்டியிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடத்துக்கு அஃப்ளடாக்சின் பரிசோதனைக்காக அனுப்பச் செய்ய வேண்டும். பதினான்கு இலக்கப் பதிவு எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட்டு விற்கும் இந்தப் பெண்களுக்கு, அந்த எண் பொடியின் நிலையைச் சொல்லாது என்பது தெரியும். பரிசோதனையின் முடிவு தண்டனைக்காக அன்றி, எந்த வியாபாரியின் மிளகாயை இனி வாங்கலாகாது என்று அறிவதற்காகவே வருகிறது என்ற உறுதியைத் தாங்கள் அளித்தால், அவர்களே மாதிரியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். புரட்டாசி முடிவதற்குள் அறையும் உலர்த்தியும் கிடைத்துவிட்டால், இவ்வருஷத்துச் சரக்குக்கே அவை உதவும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை,
திருத்தணி.