பொய்ச் செய்தி என்று நான் சொன்ன பொய்

போன மாதம் சித்தி மகள் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டை அனுப்பிக் கேட்டாள்: “அண்ணா, சொட்டு மருந்தே போலியோவக் கொண்டுவருமாமே, நிஜமா?” கையில் ஆறு வாரக் குழந்தை. நான் இரண்டு விநாடி கூட யோசிக்காமல் “ஃபேக், டெலிட் பண்ணு” என்று அடித்துவிட்டு மீட்டிங்கிற்குப் போய்விட்டேன். அறிவியல் பேசுகிற நம்மாட்கள் எல்லோரும் செய்வதுதான் இது. இதைத்தான் நான் தாக்க வருகிறேன், முதல் குற்றவாளி நான்தான்.

ஏனென்றால் அந்த ஃபார்வர்டின் முதல் வரி உண்மை. மீதிதான் குப்பை.

சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ். அது குழந்தையின் குடலில் பெருகி, சில வாரங்களுக்கு மலத்தில் வெளியேறுகிறது. சாக்கடை வழியாக, கழுவாத கை வழியாகப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகிறது. சொட்டு வாங்காத குழந்தைக்கும் ஓசியில் எதிர்ப்பு கிடைக்கிறது. இது அதன் பலம். ஆபத்தும் இதே கதவு வழியாகத்தான் வருகிறது. வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழை விடுகிறது. இரண்டாம் வகைத் தடுப்பு வைரஸை அடக்கி வைத்திருக்கும் முக்கியமான பூட்டு, அதன் மரபுத்தொடரில் 481ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு எழுத்து. காட்டு வைரஸில் அங்கே G, தடுப்பு வைரஸில் A. பல குழந்தைகளின் குடலில் அந்த A சில நாட்களிலேயே G ஆகிவிடுகிறது.

அதனால் மட்டும் கொள்ளைநோய் வந்துவிடாது. சுற்றியிருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் மருந்து வாங்கியிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். வாங்காதவர்கள் நிறைய இருந்தால் அது மாதக்கணக்கில் ஒரு குடலிலிருந்து இன்னொரு குடலுக்கு ஓடும். எவ்வளவு நாள் ஓடியது என்பதையும் கண்டுபிடிக்கலாம். வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றுக்கான சுமார் 900 எழுத்துகளில் ஆண்டுக்குச் சுமார் ஒன்பது மாறும். இரண்டாம் வகையில் ஆறோ அதற்கு மேலோ மாறியிருந்தால், அது நேற்றுக் கொடுத்த சொட்டு அல்ல, அரை வருஷத்துக்கும் மேலாக ஊர் சுற்றியது என்று ஆய்வகம் சொல்லிவிடும்.

இரண்டாம் வகைக் காட்டு வைரஸ் கடைசியாக 1999இல் அலிகாரில் தென்பட்டது. அதன்பின் அந்த வகையில் மிச்சமிருந்த ஆபத்து மருந்திலிருந்து வருவது மட்டும்தான். ஆக 2016 ஏப்ரலில் 155 நாடுகளும் பகுதிகளும் சில வாரங்களுக்குள் சொட்டு மருந்திலிருந்து அந்த வகையை நீக்கின. தர்க்கம் சுத்தம். புரொடக்‌ஷனிலிருந்து ஒரு மாட்யூலைத் தூக்குவது போல. ஆனால் பழைய சங்கிலிகள் எல்லாம் அறுந்துவிட்டனவா? இல்லை, நைஜீரியாவில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஈடுகட்ட வேண்டிய ஊசி மருந்து போதுமான அளவு வந்ததா? அதுவும் இல்லை, ஒரு டோஸை ஐந்தாகப் பிரித்து 0.1 மில்லியாகத் தோலுக்குள் போட்டு இந்தியா சமாளித்தது. பரவல் வெடித்த இடங்களில் அதே இரண்டாம் வகைச் சொட்டை வைத்தே அணைக்கப் பார்த்தார்கள். அது அரைகுறையாகப் போய்ச் சேர்ந்த ஊர்களில் புதுச் சங்கிலிகள் முளைத்தன. 2024இல் வந்த மதிப்பீட்டு வரைவறிக்கை இதை முழுத் தோல்வி என்றே சொன்னது. முடங்கிய குழந்தைகள் 3,000க்கும் மேல்.

“அப்போ எல்லாருக்கும் ஊசியே போட்டுடலாமே” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அது திரும்ப வழியே இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பை உண்டாக்கித் தண்டுவடத்தைக் காக்கும். குடலைப் பெரிதாக மூடாது. வைரஸ் அங்கே பெருகி, சத்தமில்லாமல் பரவும். அமெரிக்கா 2000 முதல் ஊசி மட்டுமே போடும் நாடு. 2022இல் நியூயார்க் அருகே ராக்லண்ட் கவுண்டியில், தடுப்பூசியே போடாத ஓர் இளைஞரை இரண்டாம் வகைச் சொட்டிலிருந்து திரும்பிய வைரஸ் முடக்கியது. அந்த நாட்டில் அந்தச் சொட்டே கிடையாது; எங்கிருந்தோ வந்து, தடுப்பூசி குறைந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

2021 முதல் புழங்கும் புதிய இரண்டாம் வகைச் சொட்டில் அந்தப் பூட்டை மாற்றி எழுதியிருக்கிறார்கள்: ஓர் எழுத்துப் பிழை போதாது, பல பிழைகள் சேர வேண்டும். எனக்குப் பிடித்த வகை பேட்ச். ஆனாலும் அதிலிருந்தும் சில சங்கிலிகள் கிளம்பியிருக்கின்றன, ரொம்பக் குறைவாக. பூஜ்ஜியம் என்று நான் சொன்னால் அடுத்த ஃபார்வர்டுக்கு நானே தீனி போடுகிறேன்.

மூன்று நாள் கழித்துத் தங்கையை அழைத்து இதையெல்லாம் சொன்னேன். நம் ஊர்ச் சொட்டில் இப்போது இரண்டாம் வகை இல்லை, ஒன்றும் மூன்றும்தான். முதல் டோஸில் குழந்தை முடங்கும் வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்று. ஊசியும் கூடவே போடுகிறார்கள், ரெண்டையும் போடு என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். “நேத்தே போட்டாச்சுண்ணா, நர்ஸ் அக்காவே எல்லாம் சொன்னாங்க. ஆமா, நீங்க ஏன் மொதல்ல ஃபேக்னு சொன்னீங்க?”

மீட்டிங் இருந்தது என்றேன்.