டிராக்டர் திருட்டுப் போனால் கைக்கு வருவது எவ்வளவு?

உழவு மாடு களவு போன காலம் போய், டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் களவு போகிற காலம் இது. மாடு போனால் தடம் பார்த்துத் தேடினோம். வண்டி போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாக இருக்கிறோம். ஆனால் பணம் கைக்கு வரும்போது எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறது. சிலருக்கு ஒன்றுமே வருவதில்லை. கம்பெனிக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று பழி சொல்வது எளிது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். என்றாலும், இந்தத் தொகை தீர்மானமாவது வண்டி போன பிறகு அல்ல, பாலிசியைப் புதுப்பிக்கும் நாளிலும், திருட்டுத் தெரிந்த முதல் இரண்டொரு நாட்களிலும்தான் என்பது என் கருத்து.

எந்த பாலிசி என்று பாருங்கள்

சட்டப்படி கட்டாயமாக எடுக்க வேண்டியது தேர்டு பார்ட்டி பாலிசி மட்டுமே. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்திற்கே அது பொறுப்பேற்கும். நம் வண்டி களவு போனாலும், கிணற்றில் விழுந்து நொறுங்கினாலும் அதில் ஒரு காசு கிடைக்காது. 2018 செப்டம்பர் முதல் புதிய மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்கு ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்டு பார்ட்டி பாலிசி சேர்த்தே கொடுக்கப்படுகிறது. சொந்தச் சேதத்திற்கும் திருட்டிற்குமான பகுதி பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்துவிடும். ஐந்து வருஷத்திற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருப்பது இதனால்தான். பாலிசியில் சொந்தச் சேதத்திற்கென்று பிரீமியம் தனியாகப் போட்டிருக்கிறதா, அது எந்தத் தேதி வரை என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ஐ.டி.வி. என்ற ஒரு எண்

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். வண்டி முழுவதும் போனால் கம்பெனி கொடுக்கக்கூடிய உச்சவரம்பு அதுதான். நாம் எத்தனை ரூபாய்க்கு வாங்கினோம், சந்தையில் இன்று என்ன விலைக்குப் போகும் என்பதெல்லாம் அப்போது கணக்கில் வராது.

அதே மாதிரி வண்டிக்குப் பாலிசி தொடங்கும் நாளில் உள்ள புது விலையை எடுத்துக்கொண்டு, வயதுக்குத் தக்கபடி தேய்மானம் கழிப்பார்கள். ஆறு மாதம் வரை நூற்றுக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 என்பது வழக்கில் உள்ள அட்டவணை. ஐந்தாண்டு தாண்டிய வண்டிக்கு அட்டவணை இல்லை. கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். நம் கிராமங்களில் ஓடும் டிராக்டர்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கேதான் ஏஜெண்டு தோன்றிய ஒரு எண்ணைப் போட, நாம் பிரீமியம் குறைந்தால் போதும் என்று கையெழுத்திட்டு விடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புது விலை 7 லட்சம் ரூபாய் உள்ள டிராக்டர். வயது மூன்றாண்டுக்கு மேல், நான்கு ஆகவில்லை. நூற்றுக்கு 40 கழித்தால் ஐ.டி.வி. 4,20,000 ரூபாய். பாலிசி தொடங்கிப் பத்தாவது மாதத்தில் வண்டி களவு போனாலும் இதே 4,20,000தான் அடிப்படை. இடைப்பட்ட பத்து மாதத்திற்கென்று மறுபடி தேய்மானம் கழிக்கக் கூடாது. இதிலிருந்து பாலிசியில் கட்டாயக் கழிவு என்று குறித்த தொகையை எடுத்துவிடுவார்கள். அது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மீதி 4,19,000. வங்கியில் கடன் பாக்கி 1,60,000 இருந்தால், அது முதலில் வங்கிக்குப் போகும். விவசாயி கைக்கு வருவது 2,59,000 ரூபாய்.

இதே விவசாயி பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஐ.டி.வி.யை 3,50,000 என்று குறைத்திருந்தால், கைக்கு வருவது 1,89,000தான். வங்கிக் கடன் அதனால் குறையாது. 70,000 ரூபாயும் விவசாயியின் பங்கிலிருந்தே போகும். ஐ.டி.வி.யைக் குறைப்பது சிக்கனம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். டிரெய்லரையும் மறக்க வேண்டாம். அதற்குத் தனி மதிப்புப் பாலிசியில் எழுதியிருந்தால்தான் பணம் உண்டு. டிராக்டரோடு சேர்ந்து போயிற்று என்பதற்காக அதற்கும் கொடுக்கமாட்டார்கள்.

திருட்டுத் தெரிந்தவுடன்

அக்கம்பக்கம் தேடுவது இயல்பு. ஆனால் தேடுவதிலேயே நான்கு நாள் போய்விடக் கூடாது. அன்றைய தினமே காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண், கடைசியாக வண்டியை நிறுத்திய இடம், நேரம், சாவி எங்கே இருந்தது என்பவை புகாரில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். நம் மாநிலத்தில் புகார் கொடுத்தவுடன் சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவதுண்டு. அது முதல் தகவல் அறிக்கை அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேண்டியது வழக்கு எண் போட்ட முதல் தகவல் அறிக்கை. அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்ய மறுத்தால், புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். சி.எஸ்.ஆர். ரசீதை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு வழக்கே பதிவாகவில்லை என்று தெரிந்துகொள்வது பெரிய கொடுமை. காவல் துறையினர் வாகனத் திருட்டுப் புகாரில் இந்த வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

அதே நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்து, அவர்கள் கொடுக்கும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதைக் காரணம் காட்டி மறுத்தால் மனம் தளர வேண்டாம். பஞ்சாபில் 2010-ல் ஒரு விவசாயியின் டிராக்டர் களவு போயிற்று. போலீசில் அன்றே புகார் பதிவானது. கம்பெனிக்குத் தகவல் போனதோ 52 நாள் கழித்து. கம்பெனி மறுத்துவிட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விவசாயி பக்கம் தீர்ப்புச் சொன்னது. போலீசில் உடனே பதிவாகி, திருட்டு உண்மை என்று தெரிந்த பிறகு, கம்பெனிக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டித் தொகையை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அவருக்குக் கைகொடுத்தது அன்றைய தினமே பதிவான முதல் தகவல் அறிக்கைதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சேர்த்து வைக்க வேண்டிய காகிதங்கள்

கிளெய்ம் பாரத்தோடு பாலிசி, ஆர்.சி., முதல் தகவல் அறிக்கை நகல், வண்டியின் சாவிகள் அத்தனையும், ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிய கடித நகல், பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கடன் இருந்தால் பாக்கி எவ்வளவு என்ற வங்கிக் கடிதமும், கடன் தீர்ந்ததும் வங்கி கையெழுத்திடும் 35-ம் எண் பாரமும் வேண்டும். உரிமையைக் கம்பெனிக்கு மாற்ற 28, 29, 30-ம் எண் பாரங்களில் கையெழுத்தும், முத்திரைத்தாளில் உறுதிமொழியும் வாங்குவார்கள். தொகை எவ்வளவு என்று எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகு இவற்றில் கையெழுத்திடுவது நல்லது.

காலம் பிடிக்கும் காகிதம் ஒன்று உண்டு. அது, தேடியும் வண்டி கிடைக்கவில்லை என்று போலீசார் கோர்ட்டில் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கை. இதற்குப் பல மாதம் ஆகலாம். அதுவரை வங்கித் தவணை நிற்காது, வட்டியும் நிற்காது. முடிந்தவரை தவணையைக் கட்டி வர வேண்டும். தொகை கொடுப்பதற்கு முன்பே வண்டி கிடைத்துவிட்டால், வண்டிதான் நமக்கு. அதில் ஏற்பட்ட சேதத்திற்கு மட்டும் பணம் கேட்கலாம். தொகை வாங்கிய பின் கிடைத்தால் வண்டி கம்பெனியுடையது.

சாவி விஷயத்திற்கு வருவோம். களத்து மேட்டில் டிராக்டரிலேயே சாவியை விட்டுவிட்டு வருவது நம்மிடம் உள்ள பழக்கம். கவனக்குறைவு என்று சொல்லி கிளெய்மை அடியோடு மறுப்பதற்கும், கால்பங்கைப் பிடித்துக்கொண்டு முக்கால்பங்கு கொடுப்பதற்கும் இது இடம் கொடுக்கிறது. மேலே சொன்ன கணக்கில் கால்பங்கு என்பது ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்!

நொறுங்கிப் போனால்

வரப்பில் கவிழ்ந்தோ கிணற்றில் விழுந்தோ வண்டி சேதமானால், அதை மீட்டு எடுக்கும் செலவும் பழுது பார்க்கும் செலவும் சேர்ந்து ஐ.டி.வி.யில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் அது முழு இழப்பு. நம் கணக்கில் அந்த எல்லை 3,15,000 ரூபாய். பாலிசி விதிகளின்படி சர்வேயர் மதிப்பிடும் செலவு 3,40,000 என்றால், ஐ.டி.வி. முழுவதையும் அடிப்படையாக வைத்துக் கட்டாயக் கழிவு போகக் கொடுப்பார்கள். எல்லைக்குக் கீழே நின்றால் பழுதுச் செலவுதான். அதிலும் டயர், டியூப், பாட்டரிக்குப் பாதியும், இரும்புப் பாகங்களுக்கு வயதுக்குத் தக்கபடியும் கழித்துவிடுவார்கள். ஆகவே சர்வேயர் வந்து பார்க்கும் முன் எதையும் பிரிக்கக் கூடாது. வண்டி விழுந்து கிடக்கும் நிலையிலேயே படம் எடுத்து, கிரேன் கூலிக்கு ரசீது வாங்கி வைக்க வேண்டும். ஓட்டியவரின் லைசென்சையும் கேட்பார்கள். விவசாய வேலைக்கென்று பாலிசி எடுத்த டிராக்டரில் கூலிக்குச் செங்கல் ஏற்றிப் போனபோது கவிழ்ந்திருந்தால் தகராறு நிச்சயம்.

நொறுங்கிய வண்டியை நாமே வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள். 60,000 பெறும் என்றால் 4,19,000-க்குப் பதில் 3,59,000 வரும். அப்படி வைத்துக்கொண்டு பழைய இரும்புக்கு விற்பவர்கள் ஆர்.சி.யைச் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. வண்டி அழிந்துபோனதை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். இல்லையேல் நம் எண்ணில் வேறொரு திருட்டு வண்டி ஓடும்.

மறுத்தால் என்ன செய்வது?

மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். இதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு இரண்டாண்டுக்குள் போகலாம்.

டிராக்டருக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. தவணைத் தேதியை நினைவூட்டுவது போலவே, பாலிசி புதுப்பிக்கும்போது ஐ.டி.வி. எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று இரண்டு எண்களையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதி விவசாயியிடம் கொடுக்கலாம். முதல் எண் இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால், வண்டி போன பிறகும் அவர் கடனாளியாகவே நிற்பார். அதை அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா?