'தெரியாததைத் தொடாதே' என்பது யாருக்கான அறிவுரை?

நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து மாலை நேரத்தில் நடத்தும் இலவச வகுப்பில் நீட் மாதிரித் தேர்வு வைத்தோம். 180 கேள்விகள். அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவி 29 கேள்விகளை அப்படியே விட்டிருந்தார். நேரம் போதவில்லையா என்று கேட்டேன். "நேரம் இருந்துச்சுண்ணா. தெரியலைன்னா தொடாதீங்க, மைனஸ் போயிடும்னு ஸ்கூல்ல சொன்னாங்க" என்றார்.

அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த அறிவுரை தவறு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிப்பு. விட்டுவிட்டால் பூஜ்யம். இப்போது எதுவுமே தெரியாத நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு விடைகளில் ஒன்று சரி என்பதால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். வரவு 4, செலவு 3. மிச்சம் 1. எதுவுமே தெரியாமல் போட்டாலும் சராசரியில் நட்டமில்லை, சிறு லாபம்!

குருட்டு ஊகத்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற நிலை வரவேண்டுமானால், நான்கு விடைகள் உள்ள கேள்வியில் சரியான விடைக்குத் தருவதில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வு அப்படித்தான் கழிக்கிறது. நீட்டில் அதன்படி கழித்தால் 1.33 போக வேண்டும். கழிப்பது 1 மட்டுமே. அதாவது 'நெகட்டிவ் மார்க்' என்று மிரட்டும் அதே விதிக்குள், துணிந்து விடை போடுகிறவருக்கு ஒரு சிறு பரிசும் இருக்கிறது. மிரட்டல் எல்லோர் காதிலும் விழுகிறது. பரிசு இருப்பது கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு மட்டும்தான் தெரிகிறது.

லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கும் பயிற்சி மையத்தில் இதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு யார் சொல்வது? பொதுத்தேர்வில் 'எதையும் காலியாக விடாதே, தெரிந்தவரை எழுது' என்று பழக்கிய பிள்ளையிடம், நீட் என்றதும் 'தொடாதே' என்கிறோம். தவறு செய்தால் தண்டனை என்று காலங்காலமாகப் பயமுறுத்தப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொள்கிறது.

உண்மையில் 'தெரியாத கேள்வி' என்று ஒரே வகை கிடையாது. அந்த மாணவியை உட்கார வைத்து, விடைத்தாளைக் காட்டாமல், விட்ட 29 கேள்விகளையும் மறுபடி படிக்கச் சொன்னோம். 12 கேள்விகளில் இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று அவரே சொன்னார். 9 கேள்விகளில் ஒரு விடையை விலக்க முடிந்தது. மீதி 8இல் மட்டுமே எதுவும் தெரியவில்லை.

இரண்டு விடைகள் மிஞ்சிய 12இல் சராசரியாக 6 சரியாகும். 24 வரவு, 6 செலவு, லாபம் 18. மூன்று மிஞ்சிய 9இல் 3 சரியாகும். 12 வரவு, 6 செலவு, லாபம் 6. குருட்டாம்போக்கில் போடும் 8இல் 2 சரியாகும். 8 வரவு, 6 செலவு, லாபம் 2. மொத்தம் 26 மதிப்பெண். நீட்டில் 26 மதிப்பெண் என்றால் தரவரிசையில் ஆயிரக்கணக்கான இடங்கள்.

பிறகு அவரை விடை போடச் சொல்லித் திருத்தினோம். 26 வரவில்லை, 21 வந்தது. இரண்டு மிஞ்சியவற்றில் 7 சரி, 23 லாபம். மூன்று மிஞ்சியவற்றில் 2தான் சரி, 1 லாபம். குருட்டாம்போக்கில் போட்டதில் ஒன்றே சரி, 3 நட்டம். சராசரி என்பது இப்படித்தான். ஒவ்வொரு முறையும் சொன்னபடி வராது. 20 கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் விடை போட்டால், ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு நட்டம் வரும். ஐந்து பேரில் மூன்று பேருக்கு லாபம். மற்றவருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் மதிப்பெண் வருவது முதன்மையாக விலக்கிவிட்டுப் போடும் ஊகத்தில்தான்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் விடை போட்டுவிடலாமா? ஒரு பொறி இருக்கிறது. 40 கி.மீ. வேகத்தில் போன வண்டி, அதே பாதையில் 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் என்ன? விடைகள்: 45, 48, 50, 52. பலருடைய கை 50க்குப் போகும். சரியான விடை 48. மெதுவாகப் போகும்போது கூடுதல் நேரம் ஆவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. கேள்வி தயாரிப்பவருக்கு நம் வழக்கமான தவறு தெரியும். அதை ஒரு விடையாகவே வைத்துவிடுவார். 48ஐ 'விலக்கி'விட்டவருக்கு வாய்ப்பு பாதியல்ல, பூஜ்யம்.

பொறியில் விழுகிறோமா என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மாதிரித் தேர்வுகளில் ஊகித்துப் போட்ட ஒவ்வொரு கேள்வி எண்ணையும் சுழித்து வையுங்கள். ஒரு 50 சேர்ந்ததும் எத்தனை சரி என்று எண்ணுங்கள். நீட்டில் 10க்கு மேல் சரியென்றால் ஊகம் லாபம். 10க்குக் கீழே என்றால் நட்டம். எந்தப் பாடத்தில் தவறு நடக்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் நிறுத்துங்கள். யு.பி.எஸ்.சி.யில் அந்த எல்லை நான்கில் ஒரு பங்கு. அங்கே குருட்டு ஊகத்தால் பயனில்லை. ஒரு விடையையாவது உறுதியாக விலக்க முடிந்தால்தான் தொட வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. கொள்குறித் தேர்வில் நெகட்டிவ் மார்க்கே இல்லை. அங்கே 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தைக் கருப்பாக்குவது, இலவசமாகக் கிடைக்கும் வாய்ப்பைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

இன்னொன்று, ஊகத்தைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தெரிந்த கேள்விக்கு வேண்டிய நிமிடத்தைத் தெரியாத கேள்வியில் செலவழித்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

இப்போது 'தகுதி, திறமை' பேசுகிறவர்களிடம் வருவோம். ஒரே அளவு இயற்பியல் தெரிந்த இரண்டு பேர். ஒருவர் 29 கேள்விகளை விட்டார், இன்னொருவர் போட்டார். இருவருக்கும் நடுவில் இருக்கும் 20, 25 மதிப்பெண்ணுக்குப் பெயர் என்ன? இயற்பியலா? தவறு செய்தாலும் பரவாயில்லை, அடுத்த ஆண்டு பணம் கட்டி மறுபடி எழுதலாம் என்ற தைரியம் அது. வீட்டு வசதி கொடுத்த தைரியத்தை அளந்துவிட்டு அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கிறார்கள்.

இது நம் கற்பனையல்ல. சிலி நாட்டில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இருந்த கழிப்பை 2015இல் எடுத்தார்கள். ஆண்களைவிட அதிகமான கேள்விகளை விட்டுவந்த பெண்கள், அதன்பிறகு அந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். அமெரிக்காவின் சாட் தேர்வும் 2016இல் கழிப்பைக் கைவிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

கழிப்பை எடுங்கள் என்பது நம் கோரிக்கை. எடுக்கும்வரை, 'தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும்' என்று அச்சிடுகிற அறிவிப்பிலேயே, 'ஒரு விடையை விலக்க முடிந்தால் விடை அளிப்பதே லாபம்' என்றும் எல்லா மொழியிலும் அச்சிடட்டும். செய்ய மாட்டார்கள். ஆகவே நாம் சொல்வோம். உங்கள் தெருவில் நீட் எழுதும் தம்பி தங்கை இருந்தால் இன்று மாலையே ஒரு பழைய வினாத்தாளோடு உட்காருங்கள். அவர்கள் விட்ட கேள்விகளை மட்டும் எடுத்து, எதெல்லாம் நிச்சயம் தவறு என்று கேளுங்கள். தெரியாது என்று நினைத்ததில் பாதி அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும்.