சீட்டு ஒட்டுவது கடைசி வேலை

என் தங்கை மகள் வில்லியனூரில் சுடுமண் நகை செய்து விற்கிறாள். இன்ஸ்டாகிராமில் படம் போடுவாள். விலை கேட்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதியே அவளுக்கு இரவு போய்விடும். படத்தைத் தொட்டாலே பெயரும் விலையும் தெரிகிற மாதிரி சீட்டு ஒட்டலாம் என்று யாரோ சொல்ல, "மாமா, நீங்களும் கூட உட்காருங்க" என்று கூப்பிட்டாள்.

நாங்கள் பள்ளியில் 'எத்திகேத்' என்று படித்த விலைச்சீட்டுதானே, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் சீட்டு ஒட்டுவது கடைசி வேலை. முதலில் கணக்கை வணிகக் கணக்காக மாற்ற வேண்டும். அடுத்து Commerce Manager என்ற இடத்தில் பொருள் பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் அடையாள எண், பெயர், விளக்கம், படம், விலை, அதை வாங்கும் இணையப் பக்கத்தின் முகவரி ஆகியவற்றைப் பதிய வேண்டும். நம் நாட்டில் பணம் கட்டுவது இன்ஸ்டாகிராமுக்குள் நடப்பதில்லை. அதனால் விற்பவருக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் வேண்டும், அது தம்முடையதுதான் என்று நிரூபிக்கவும் வேண்டும். அவர்கள் பரிசீலித்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் படத்தில் சீட்டு ஒட்ட முடியும்.

பன்னிரண்டு நகைகளைப் பதிந்தோம். சீட்டும் ஒட்டினோம். இரண்டு மாதம் கழித்து இணையதளத்தில் ஒரு கழுத்தணியின் விலையை 450 ரூபாயிலிருந்து 520 ஆக்கினாள். பட்டியலில் மாற்ற மறந்துவிட்டாள். சீட்டில் 450 பார்த்து உள்ளே போன ஓர் அம்மா, "ஏமாத்துறீங்களா?" என்று எழுதினார். பழைய விலைக்கே கொடுத்தாள், ஆனாலும் அந்த அம்மா திரும்பி வரவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். இன்னொரு தவறும் செய்தாள். விற்றுப்போன காதணியைப் பட்டியலிலிருந்து அழித்தாள், பழைய படங்களில் இருந்த சீட்டும் போய்விட்டது. மறுபடி செய்யப்போகும் பொருளானால் அழிக்கக் கூடாது. Out of stock என்று குறித்து வைத்து, வந்ததும் மாற்றினால் போதும். அடையாள எண் கோப்பு எண் மாதிரி, அதைத் தொடக் கூடாது.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் என்ற முறையில் என் கருத்து இதுதான். அந்தச் சீட்டு அலங்காரம் அல்ல, இருப்புப் பேரேட்டின் ஒரு வரி. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்து, வாரம் ஒருமுறை பட்டியலையும் இணையதளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் உள்ளவருக்கு அது உதவும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு உருப்படியாகச் செய்பவருக்கும், இணையதளம் இல்லாதவருக்கும் வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள பொருள் பட்டியலே போதும். அதற்கு இணையதளம் தேவையில்லை, விலையை நேரிலேயே பேசிக்கொள்ளலாம்.

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் விலைகளை வாசிக்கிறாள், நான் சரிபார்க்கிறேன். பத்து நிமிடம்தான் ஆகிறது.